சோப்புப் பெட்டிக்கான டைலைன்: மூன்றாவது மாதிரி வரை

வீட்டில் செய்யும் சோப்புக்கு 300 ஜிஎஸ்எம் அட்டையில் பெட்டி செய்யத் தொடங்கி, இப்போது மூன்றாவது மாதிரிக்கு வந்திருக்கிறேன். சோப்பின் உயரம் 80 மி.மீ., அகலம் 55, கனம் 25. அது சிக்காமல் உள்ளே இறங்குவதற்காக ஒவ்வோர் அளவிலும் 2 மி.மீ. கூட்டிக்கொண்டேன். பெட்டியை விரித்த நிலையில் வெட்டு, மடிப்புக் கோடுகளோடு காட்டும் படமான டைலைனில், இடமிருந்து வலமாக, பசைப் பட்டை 12, முன்பக்கம் 57, பக்கவாட்டு 27, பின்பக்கம் 57, கடைசிப் பக்கவாட்டு 26.5 என்று அமைகிறது. கடைசிப் பக்கம் பசைப் பட்டையின் மேல் வந்து ஒட்டுவதால், அதை அரை மில்லிமீட்டர் குறைக்காவிட்டால் வெட்டுமுனை மூலையைத் தாண்டித் துருத்தும். முதல் மாதிரியில் விரலால் தடவியபோதே அது தட்டுப்பட்டது.

அதே மாதிரியில் பக்கவாட்டுச் சிறுமடல்களை 30 மி.மீ. நீளத்துக்கு வரைந்திருந்தேன். எதிரெதிரே மடியும் அவை 57 மி.மீ. வாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூடியை நடுவில் புடைக்க வைத்தன. வாயின் பாதி அளவுக்குள் அடங்கும்படி 24 ஆக்கியதும் மூடி சமமாகப் படிந்தது.

இரண்டாவது மாதிரி ஒட்டிய மறுநாளே பக்கவாட்டில் பிரிந்துகொண்டது. நன்றாக ஒட்டிய இடத்தைப் பிரித்தால் அட்டையின் நார் கிழிந்து வர வேண்டும். இங்கோ பட்டை பளபளவென்று அப்படியே இருந்தது, காய்ந்த வெள்ளைப் பசை மட்டும் மெல்லிய தோல்போல உரிந்து வந்தது. பின்னணிப் பச்சை நிறத்தைப் பட்டை முழுவதும் நிரப்பி, அதன்மேல் வார்னிஷும் பூசியிருந்ததால், பசை அட்டைக்குள் ஊற வழியே இல்லை. இப்போது மடிப்புக் கோட்டிலிருந்து 3 மி.மீ. வரை மட்டும் நிறத்தைப் பட்டைக்குள் நீட்டி, மீதி 9 மி.மீ. வெற்று அட்டையாக விடுகிறேன்; வார்னிஷ் பூசும்போது அந்த இடத்தை டேப்பால் மறைத்துவிடுகிறேன். அந்த 3 மி.மீ. நிறத்தையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் மடிப்பு இம்மியளவு நகர்ந்தாலும் மூலையில் வெள்ளைக் கோடு தெரியும்.

வெட்டுக் கோட்டுக்கு வெளியேயும் நிறத்தை 3 மி.மீ. நீட்டுகிறேன். எழுத்துகளை வெட்டு, மடிப்பு இரண்டிலிருந்தும் குறைந்தது 3 மி.மீ. உள்ளே தள்ளி வைக்கிறேன். முன்பக்கத்தைச் சுற்றி மடிப்பை ஒட்டியே வரைந்திருந்த தங்கநிறக் கரையை வருத்தத்தோடு நீக்கினேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிகிறது.

மேல்மூடியின் எழுத்துதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மூடி பின்பக்கத்தோடு இணைந்து முன்னோக்கி மடிவதால், முன்னால் நிற்பவர் நேராகப் படிக்க வேண்டுமானால், விரித்த படத்தில் அந்த எழுத்து தலைகீழாக இருக்க வேண்டும். சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்துப் பார்த்த பிறகே இதை உறுதிசெய்துகொண்டேன். டைலைன் கோடுகளைத் தனி லேயரில் வைத்திருந்ததால், அட்டையில் அச்சிடும்போது அதை மறைத்துவிட முடிந்தது. மூன்றாவது பெட்டி ஒட்டி ஒரு வாரம் ஆகிறது, பக்கவாட்டு பிரியவில்லை.