தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு பிரதோஷ நாள்

பிரதோஷத்துக்கு அத்தையைத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். நந்தி அபிஷேகத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெயில் தணியட்டும் என்று விமானத்தின் வடக்குப் பக்க நிழலில் நின்றோம். கண்ணுக்கு நேரே கல் முழுவதும் எழுத்து.

"இதுல என்னடா எழுதிருக்கு?" என்றார் அத்தை. பல வருடங்களாகக் கல்வெட்டு படித்துப் பழகியவன் நான். அவர் அப்படிக் கேட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். விரலைக் கல்லில் படாமல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். புள்ளி கிடையாது, எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது; சொல் தெரிந்தால்தான் எழுத்தே பிடிபடும். "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் தன் வாயால் சொன்ன கட்டளை அது.

அத்தை சட்டென்று திரும்பினார். "குடுத்தாருன்னேவா இருக்கு? நாம பேசுற மாதிரியே?" ஆமாம், அப்படியேதான் இருக்கிறது. அக்கன் என்பது அவன் அக்கா குந்தவை.

அதே கல்வெட்டில் இன்னொரு செய்தி வருகிறது. ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்க 3,083 பலம் எடையுள்ள செப்புக் குடம் கொடுத்தான். அதன்மேல் போர்த்த 2,926½ கழஞ்சு பொன் தகடு. நாள் கணக்குவரை இருக்கிறது, சரி. ஆனால் அது நம் கணக்கில் எந்த வருடம்? சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆட்சியாண்டு மட்டும்தான் இருக்கும். இதற்குப் பதில் கர்நாடகத்தில், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துப் பல்முரியில் உள்ள கல்வெட்டில் இருக்கிறது. அது சக ஆண்டு 934-ஐ ராஜராஜனின் 28-ஆம் ஆண்டு என்கிறது. 934-உடன் 78 கூட்டினால் நம் கணக்கில் 1012. அதிலிருந்து 27 கழித்தால் 985. அவன் பட்டம் ஏறியது அந்த வருட நடுவில். ஆக, 25-ஆம் ஆண்டு 1009 நடுவில் தொடங்கி, அதன் 275-ஆம் நாள், குடம் கொடுத்த நாள், 1010-இல் வருகிறது. ஒரு கல் விட்ட இடத்தை இன்னொரு கல் நிரப்புகிறது.

அப்புறம் அத்தைக்கு மிகவும் பிடித்தது விளக்குக் கணக்கு. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவை ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் ஆடவல்லான் என்ற மரக்கால் அளவையில் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி வந்து எண்ணிக்கையைக் காக்கும் என்பதால் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. ஆடும் பசுவும் எருமையும் நெய்க் கணக்கில் ஒன்றுக்கொன்று எத்தனை பெறும் என்ற அன்றைய மதிப்பை நமக்குச் சொல்வது இந்த வரிதான். ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயரும், பொறுப்பேற்ற உறவினர் பெயரும் கல்லில் இருக்கின்றன. எனக்கு ராஜராஜன் பெயரைவிட இந்தப் பெயர்களைப் படிக்கும்போதுதான் நெஞ்சு நிறைகிறது.

வரியும் இப்படித்தான் தெரிய வருகிறது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலில் முதலில் ஊரின் மொத்த நிலம் வரும். அதிலிருந்து குடியிருப்பு நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் இறையிலி, அதாவது வரி இல்லாத நிலம் என்று கழியும். மிச்ச நிலத்துக்கு இத்தனை கலம் நெல் என்று முடியும். நெல்லை நிலத்தால் வகுத்துப் பார்த்தால் பல ஊர்களுக்கு வேலி என்ற நில அளவு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 100 கலம் வருகிறது. விகிதத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான். ஆனால் அளந்தது போக உழுதவர் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று இந்தப் பட்டியல் பேசுவதில்லை. கோயிலுக்கு வர வேண்டியதை எழுதிய கணக்கு இது.

மேற்குப் பக்கம் திரும்பினோம். ஓரிடத்தில் எழுத்துக் குழிகளில் திருநீறும் குங்குமமும் அப்பியிருந்தன. கையில் மிஞ்சியதை வழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எண்ணெயும் சேர்ந்து இறுகிவிட்டால், கல்லெழுத்தைக் காகிதத்தில் மைப்படியாக எடுக்க ஈரக் காகிதத்தை ஒட்டித் தூரிகையால் தட்டும்போது அது குழிக்குள் இறங்காது. மை ஒற்றும்போது வெள்ளையாகத் தெரிய வேண்டிய அந்த எழுத்து, படியில் வெறும் கறுப்பாகவே வரும்.

நந்தி மண்டபத்தில் மணி அடித்தது. அத்தை கையைப் பார்த்தார். சந்நிதியில் வாங்கிய திருநீறு இன்னும் கொஞ்சம் இருந்தது. நெற்றியில் பூசி, மீதியைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "வா, அபிஷேகம் ஆரம்பிச்சுருவாங்க" என்று நடந்தார்.