நெல் உலர்த்தி மானியமும் வங்கி திருப்பி அனுப்பிய கணக்கும்

கிளிநொச்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் அரிசி ஆலைக் கம்பனிக்கு நெல் உலர்த்தி வாங்க அரச மானியம் கிடைத்தது. விண்ணப்பம், விலைமனு, இயந்திரம் பொருத்துதல் எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. சிக்கல் கணக்கில்தான் வந்தது.

உலர்த்தியின் விலை 60 இலட்சம் ரூபாய். மானியம் 24 இலட்சம். கணக்கு எழுதியவர் மானியம் முழுவதையும் முதலாம் ஆண்டின் வருமானமாகக் காட்டிவிட்டார். கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கி அதிகாரி, "அடுத்த வருசமும் இந்த இலாபம் வருமோ?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பித் தந்தார். மூலதனத்தில் சேர்த்துவிடலாம் என்றார் எங்கள் பணிப்பாளர்களில் ஒருவர். அதற்கும் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 20 இடம் தராது. மானியம் பங்குதாரர் இட்ட பணமன்று, நிபந்தனையை நிறைவேற்றுவதற்காகக் கிடைப்பது. ஆகவே அது ஈடுசெய்யும் செலவு எந்த ஆண்டுகளில் விழுகிறதோ, அந்த ஆண்டுகளிலேயே வருமானமாக வரவேண்டும்.

நிபந்தனைக் கடிதத்தின் பிரதியைக் கணக்காய்வாளர் கேட்டார். மானியம் தந்த அலுவலகத்தின் எழுதுநர், கோப்பு வேறு பிரிவில் இருப்பதாகச் சொல்லி என்னை வெறுங்கையுடன் அனுப்பினார். பணம் கைக்கு வரும் நாளிலேயே அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு எழுத்தில் கேட்டுப் பெற்றபோதுதான், ஐந்து ஆண்டுகளுக்குள் இயந்திரத்தை விற்றால் முழுத்தொகையையும் மீளளிக்க வேண்டும் என்பது தெரிந்தது.

உலர்த்தியின் பாவனைக்காலம் பத்து ஆண்டுகள். ஒரு வழியில் சொத்தை 60 இலட்சமாகவே வைத்து ஆண்டுக்கு 6 இலட்சம் பெறுமானத்தேய்வு எழுதி, மானியத்தைப் பிற்போடப்பட்ட வருமானமாகப் பொறுப்புப் பக்கத்தில் நிறுத்தி, ஆண்டுக்கு 2.4 இலட்சத்தை வருமானத்துக்கு மாற்றலாம். மற்ற வழியில் மானியத்தைக் கழித்துச் சொத்தை 36 இலட்சமாகக் காட்டினால் தேய்வு 3.6 இலட்சம். இரண்டிலும் இலாபத்தில் விழும் தேறிய செலவு 3.6 இலட்சமே. ஐந்தொகைதான் மாறும்: முதலாம் ஆண்டிறுதியில் முதல் வழி 54 இலட்சம் சொத்தையும் 21.6 இலட்சம் பொறுப்பையும் காட்டும், இரண்டாவது 32.4 இலட்சம் சொத்தை மட்டும் காட்டும்.

முதல் வழியில் எழுதிக் கொண்டுபோனோம். அதிகாரி அந்த 21.6 இலட்சத்தைக் கடனாகவே கூட்டி, எங்கள் கடன் விகிதம் அதிகம் என்றார். அந்தப் பயணமும் வீண். கழிக்கும் வழிக்கு மாறியபின் அந்தத் தொகை கண்ணில் படவில்லை. ஆனால் நிபந்தனையைக் குறிப்பில் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். மூன்றாம் ஆண்டிறுதியில் 24 இலட்சத்தையும் மீளளிக்க நேர்ந்தால், எந்த வழியானாலும் அதுவரை அனுபவித்த 7.2 இலட்சம் அவ்வாண்டு இலாபத்திலிருந்து உடனே கழியும்.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றுவோர் இந்த எடுத்துக்காட்டை அப்படியே எடுக்கவேண்டாம். அதில் விலையிலிருந்து கழிக்கும் வழி இல்லை. செயல்நிபந்தனை நிறைவேறும்போதுதான் வருமானம். எங்களுக்குக் கடன் கிடைத்தது, சிறுபோக அறுவடை முடிந்த பிறகு.