டியூப் எடுக்க ரெண்டு தடவை போன கதை: ப்ரோஸ்டேட்டும் மலச்சிக்கலும்

எனக்கு 68 வயசு, பட்டர்வொர்த்துல இருக்கேன். வெக்கத்த விட்டுட்டு எழுதறேன், ஏன்னா நம்ம ஆளுங்க ஒண்ணுக்குப் பிரச்சனைய கூட்டாளிகிட்டயாவது சொல்லுவாங்க, ரெண்டுக்குப் பிரச்சனைய பொண்டாட்டிகிட்ட கூட சொல்ல மாட்டாங்க. நானும் அப்படித்தான். ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுகிட்டு இழுக்குதுன்னு எனக்குத் தெரிய மூத்திர டியூப் ரெண்டு தடவை மாட்ட வேண்டியதாப் போச்சு.

ரெண்டு வருசமாவே ராத்திரி நாலு தடவை எந்திரிப்பேன். போய் நின்னா உடனே வராது, வந்தா நூல் மாதிரி வரும், முடிஞ்சிடுச்சுன்னு வந்து படுத்தா திரும்பவும் முட்டும். பக்கத்துல ஒரு தனியார் கிளினிக்ல காட்டினேன், வயித்த அமுக்கிப் பாக்கல, ஸ்கேன் இல்ல, அடிக்கடி போறத குறைக்கன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. நானே ஒரு வைத்தியம் வேற பண்ணிகிட்டேன். சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணி குடிக்கறத நிறுத்தினேன், அப்புறம் கோயிலுக்கு போறப்ப, பசார் போறப்ப எல்லாம் டாய்லெட் தேடணுமேன்னு பகல்லயும் குறைச்சேன். கடைசில ஒரு நாளைக்கு காலையில ஒரு கோப்பி, மத்தியானம் ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு தே, அவ்வளவுதான். நம்ம ஊரு வெயிலுக்கு இது எங்க பத்தும்? ரெண்டுக்கு மூணு நாளைக்கு ஒரு தடவை, நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு ஆச்சு, ஆட்டுப் புழுக்கை மாதிரி, முக்கி முக்கித்தான் வரும். வயசாச்சுன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

போன வருசம் மக வீட்டுக்கு கேஎல் போயிருந்தேன். அங்க சளி பிடிச்சு மூக்கு அடைச்சுது, ஃபார்மசில போய் மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கினேன், எனக்கு மூத்திரப் பிரச்சனை இருக்குன்னு நான் சொல்லல, அவங்களும் கேக்கல. ரெண்டு நாள் அத போட்டுட்டு பஸ் ஏறினேன். அஞ்சு மணி நேர பஸ்ஸு, நடுவுல எறங்கணுமேன்னு அன்னைக்கு காலையிலேர்ந்து தண்ணியே தொடல, வந்ததையும் அடக்கிகிட்டே உக்காந்திருந்தேன். ரெண்டுக்கு போயி அப்ப அஞ்சு நாள்.

அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சேன், ஒரு சொட்டு வரல. அடி வயிறு தேங்கா மாதிரி கெட்டியா மேல வந்துடுச்சு, நிக்க முடியல, உக்கார முடியல, வேர்த்து ஊத்துது. வீட்டுக்காரி பையனுக்கு போன் போட்டா. எமெர்ஜென்சில டியூப் போட்ட உடனே பைல 900 மில்லி வந்துச்சு. அந்த நிம்மதிய எப்படி சொல்றது, அழுதுட்டேன்.

டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னாங்க. மூத்திரப்பைக்கு கீழ இருக்கற ப்ரோஸ்டேட் சுரப்பியும் மூத்திரப்பை வாயும் இறுகிப் போயிருக்கும், அத தளர்த்தற மருந்தாம். ஒரு வாரம் கழிச்சு டியூப எடுத்து தானா போறீங்களான்னு பாப்போம்னு தேதி குடுத்து, கால்ல கட்டற பையோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டுக்கு பத்தி அன்னைக்கு யாரும் கேக்கல. அந்த வலில எனக்கும் சொல்லத் தோணல.

அந்த வாரம்தான் நான் பண்ணின பெரிய தப்பு. டியூப் இருக்கறப்ப முக்கினா என்ன ஆகுமோன்னு பயந்து ரெண்டுக்கு வந்தாலும் அடக்கினேன். மூணாவது நாள் டியூப சுத்தி மூத்திரம் கசிய ஆரம்பிச்சுது, அடி வயித்துல இழுத்து இழுத்து பிடிக்குது. நாலாவது நாள் உள்ளாடைல தண்ணியா கொஞ்சம் கொஞ்சம் மலம் கசியுது, எனக்குத் தெரியாமலே. ஆகா வயித்துப்போக்கு ஆயிடுச்சுன்னு நெனச்சு வயித்துப்போக்க நிறுத்தற மாத்திரை போட்டேன்! உண்மையில என்னன்னா, உள்ள கல்லு மாதிரி அடைச்சுகிட்டு இருக்கு, மேல இருக்கற தண்ணி மலம் மட்டும் சைடுல வழிஞ்சு வருது. பல நாளா சரியா போகாத ஆளுக்கு திடீர்னு இப்படி தண்ணியா கசிஞ்சா, நிறுத்தற மாத்திரைய கையால தொடக்கூடாது, முதல்ல டாக்டர் விரல் விட்டுப் பாக்கணும்.

முதல் தடவை டியூப் எடுத்த கதை சுருக்கமா. காலைல 8 மணிக்கு எடுத்தாங்க, தண்ணி குடிக்கச் சொல்லி ஒரு அளவு ஜக் குடுத்தாங்க. 11 மணிக்கு முக்கி முக்கி 60 மில்லி போனேன். வயித்து மேல ஸ்கேன் வச்சுப் பாத்தா உள்ள 480 மில்லி நிக்குது. 12 மணிக்கு திரும்ப டியூப். ஆபரேசன்தான்னு நான் முடிவே பண்ணிட்டேன்.

அப்பதான் ஒரு மலாய் நர்ஸ், நடு வயசுக்காரம்மா, பைய சரி பண்ணிகிட்டே சாதாரணமா கேட்டாங்க, "பாக்சிக், டா புவாங் ஆயர் பெசார் பெலும்?" ரெண்டுக்கு போயாச்சான்னு கேக்கறாங்க. நான் முழிச்சேன். எப்ப போனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அந்தம்மா நேரா போய் டாக்டர கூட்டிகிட்டு வந்துட்டாங்க. டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு, விரல் விட்டுப் பாத்துட்டு, "அங்கிள், உள்ள ஃபுல்லா இருக்கு, இத வச்சுகிட்டு எப்படி மூத்திரம் போகும்?"னு கேட்டுச்சு.

அந்தப் பொண்ணு கையாலயே காட்டி விளக்கினத அப்படியே சொல்றேன். முன்னால மூத்திரப்பை, அதுக்கு கீழ ப்ரோஸ்டேட், அதுக்கு நேர் பின்னால ஒட்டிகிட்டு மலக்குடல். ப்ரோஸ்டேட் வீங்கி மூத்திரப் பாதைய நடுவுல நெரிக்குது. பின்னால மலக்குடல் கல்லு மாதிரி ரொம்பினா அது முன்னால தள்ளி இன்னும் நெரிக்கும். அதோட விடல, மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் போற நரம்பு முதுகுத்தண்டு அடில ஒரே எடத்துலேர்ந்துதான் வருதாம், குடல் ரொம்பி விரிஞ்சு கெடந்தா மூத்திரப்பைக்கு சுருங்கற தெம்பு குறையும். முக்கினா சரியாகுமான்னு கேட்டேன். முக்க முக்க கீழ இருக்கற தசை இறுகும், மூத்திரம் போக அது தளரணும், அதனால முக்கறது வேலைக்கு ஆகாதுன்னுச்சு.

அப்புறம் என் மாத்திரை எல்லாத்தையும் பைலேர்ந்து கொட்டச் சொன்னிச்சு. அடிக்கடி போறத குறைக்கன்னு தனியார் கிளினிக்ல குடுத்தாங்களே, அது மூத்திரப்பைய சோம்பேறி ஆக்கற வகையாம், குடலையும் சேத்து சோம்பேறி ஆக்கும். உள்ள எவ்வளவு மிஞ்சுதுன்னு ஸ்கேன் பாக்காம எனக்கு அத குடுத்திருக்கவே கூடாதாம். மூக்கடைப்பு மாத்திரை மூத்திரப்பை வாய இறுக்கும், அதுலயே தூக்கம் வர்ற சளி மருந்தும் கலந்திருந்தா மூத்திரமும் நிக்கும், மலமும் கெட்டியாகும். ரெண்டையும் நிறுத்தச் சொல்லிடுச்சு. ப்ரோஸ்டேட்டுக்குப் பாக்கற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எடுக்கலயான்னு பையன் கேட்டான், மூத்திரம் அடைச்சு டியூப் போட்ட நேரத்துல அது பொய்யா ஏறிக் காட்டும், சில வாரம் கழிச்சு பாப்போம்னாங்க.

அன்னைக்கே எனிமா குடுத்தாங்க. விவரம் வேண்டாம், ரெண்டு தடவை குடுத்தாங்கன்னு மட்டும் சொல்றேன். மலம் வந்த அன்னைக்கு சாயங்காலமே டியூப சுத்தி கசியறது நின்னுடுச்சு, அத பாத்ததும்தான் எனக்கு முழுசா நம்பிக்கை வந்துச்சு. வீட்டுக்கு லாக்டுலோஸ் சிரப், 15 மில்லி காலையும் ராத்திரியும். இது உடனே வேலை செய்யாது, ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், முதல் ரெண்டு நாள் காத்து ரொம்ப பிரியும், அதுக்கு பயந்து நிறுத்திடாதீங்க. அது குடல்ல தண்ணிய பிடிச்சு வச்சுத்தான் மலத்த இளக்குது, அதனால தண்ணி குடிக்கணும்.

பத்து நாள் கழிச்சு ரெண்டாவது தடவை. அதுக்கு முன்னால தெனமும் ஒரு தடவை, வாழப்பழம் மாதிரி மெதுவா, முக்காம போயிருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு காலைலயும் போயிட்டுத்தான் கெளம்பினேன். 8 மணிக்கு எடுத்தாங்க, 10 மணிக்கு 210 மில்லி போனேன், ஸ்கேன்ல மிச்சம் 90. அடுத்த தடவை 180, மிச்சம் 70. அந்த நர்ஸம்மா ஜக்க தூக்கிப் பாத்து கட்டை விரல காட்டினாங்க.

இப்ப எப்படி சமாளிக்கறேன்னா, தண்ணிய குறைக்கல, நேரத்த மாத்திகிட்டேன். காலைலேர்ந்து சாயங்காலம் 6 மணிக்குள்ள ஆறு ஏழு கிளாஸ் பிரிச்சு குடிச்சிடுவேன், அதுக்கு மேல மாத்திரைக்கு ஒரு வாய்தான். (ஹார்ட்டு, கிட்னி பிரச்சனை உள்ளவங்க அளவ டாக்டர்கிட்டதான் கேக்கணும்.) சாயங்கால தேய விட்டுட்டேன், அது கஷ்டமா இருந்துச்சு. பசியாறி அரை மணி நேரத்துல குடல் தானா தள்ளுமாம், அதனால வருதோ வரலயோ அந்த நேரம் போய் உக்காருவேன், கால் கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முட்டிய இடுப்புக்கு மேல தூக்கி வச்சுகிட்டு, பத்து நிமிசம், அதுக்கு மேல இல்ல. ரெண்டுக்கு போனப்புறம்தான் மூத்திரம் நல்லா எறங்குது, போயிட்டு ஒரு நிமிசம் சும்மா உக்காந்து திரும்ப ஒரு தடவை போனா இன்னும் கொஞ்சம் வரும்.

நடுவுல ஒரு கூத்து. கூட்டாளி ஒருத்தர் இசப்கோல் நல்லதுண்ணேன்னு சொன்னார்னு ராத்திரி ரெண்டு கரண்டி போட்டு, எந்திரிக்கணுமேன்னு கால் கிளாஸ் தண்ணி மட்டும் குடிச்சேன். ரெண்டு நாள்ல உள்ள சிமெண்டு. இப்ப அத காலைல ஒரு கரண்டி, முழு கிளாஸ் தண்ணியோட, மேல இன்னொரு கிளாஸ். பப்பாளி தெனமும் உண்டு. லாக்டுலோஸ் ஒரு வேளையா குறைஞ்சிருக்கு, மலம் ரொம்ப தண்ணியா போனா ஒரு நாள் விடுவேன், ரெண்டு நாள் போகலன்னா ரெண்டு வேளையா ஏத்துவேன், மூணாவது நாள் வரைக்கும் விடறதில்ல.

டாம்சுலோசின் போட்ட புதுசுல எந்திரிச்சா தல சுத்திச்சு, கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் எந்திரிக்கணும். கண்ணுல கேட்டராக்ட் ஆபரேசன் பண்றவங்க இந்த மருந்து போடறேன்னு கண் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும். ப்ரோஸ்டேட் பெரிசா இருக்குன்னு எனக்கு பினாஸ்டரைடும் சேத்திருக்காங்க, அது சுருக்க ஆறு மாசமாவது ஆகும். இது போட்டா பிஎஸ்ஏ பாதியா குறைஞ்சு காட்டும், அத மனசுல வச்சுதான் ரிசல்ட்ட பாப்பாங்க. இதெல்லாம் போட்டும் ப்ரோஸ்டேட் போயிடல, திரும்ப அடைச்சா ஆபரேசன்தான்னு சொல்லி வச்சிருக்காங்க. மூத்திரத்துல ரத்தம் வந்தா, குளிர் காய்ச்சல் வந்தா, அடி வயிறு முட்டி சொட்டு சொட்டா வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே வரணும்.

ராத்திரி இப்ப ஒண்ணு, சில நாள் ரெண்டு. போன மாசம் திரும்ப கேஎல் போனேன், மறுபடியும் மூக்கு அடைச்சுது. இந்த தடவை ஃபார்மசில முதல் வார்த்தையே "எனக்கு ப்ரோஸ்டேட் இருக்கு"ன்னு சொன்னேன், அந்தச் சீனப் பொண்ணு எடுத்த மாத்திரைய திரும்ப ரேக்ல வச்சுட்டு மூக்குக்கு உப்புத்தண்ணி ஸ்ப்ரே குடுத்துச்சு. திரும்பி வர்றப்ப பஸ் நின்ன எடத்துல எல்லாம் எறங்கினேன், டிரைவர் கூட கேலி பண்ணினான்.