பவுடரும் நாலு முட்டையும்

நேற்று கிளிநொச்சியில் எங்கள் ஜிம்மின் ஆண்டு விழா. உரிமையாளர் அண்ணை ஒரு கரண்டி புரதப் பவுடரையும் அவித்த நாலு முட்டையையும் மேசையில் வைத்து, "இரண்டிலும் ஏறக்குறைய 24 கிராம் புரதம்தான்" என்றார். பவுடர் விற்றால் அவருக்குத்தான் காசு. இருந்தும் சொன்னார்.

அப்புறம் ஒரு தம்பியின் கதை. காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் அரை வயிறு, பின்னேரம் பவுடர். மூன்று மாதமாகியும் உடம்பு ஏறவில்லை. சாப்பாடு போதாவிட்டால் உடம்பு அந்தப் புரதத்தையும் சக்திக்காக எரிக்கும், தசைக்கு அதிகம் மிஞ்சாது. காலையில் புட்டும் பயறும் முட்டையும், மத்தியானம் சோற்றோடு குளத்து மீனும் என்று நேரம் தவறாமல் சாப்பிட வைத்தபிறகுதான் எடை கூடியதாம்.

பவுடர் கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. சாப்பிட வழியில்லாத நாளுக்கு அதை வைத்துக்கொள்ளச் சொன்னார்.