பாப்பாவின் சிறுநீரக ஐசோடோப் ஸ்கேனும் 34 சதவீதமும்

என் மகளுக்கு ஐந்து வயது. நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். நாலரை வயதுக்குள் மூன்று முறை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, மூன்று முறையும் யூரின் கல்ச்சரில் கிருமி இருந்தது. முதல் முறை மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். மூன்றாவது முறைதான் டாக்டர் எம்.சி.யூ. எடுக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையில் மருந்தை நிரப்பி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுக்கும் டெஸ்ட் அது. அதில் வலது பக்கம் சிறுநீர் மேலே கிட்னி வரைக்கும் திரும்பிப் போவது தெரிந்தது. நான்காம் கிரேடு ரிஃப்ளக்ஸ். கிட்னியில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் எடுங்கள், ஆனால் இப்போது வேண்டாம், காய்ச்சல் முடிந்து ஆறு மாதம் போகட்டும் என்றார்.

இந்த ஆறு மாதம் எனக்கு முதலில் புரியவில்லை. கிட்னியில் பிரச்சினை என்கிறீர்கள், பிறகு ஆறு மாதம் சும்மா இருக்கச் சொல்கிறீர்களே என்று கேட்டேவிட்டேன். கிருமி தாக்கி வீங்கியிருக்கும் இடமும் ஸ்கேனில் வெறுமையாகத்தான் தெரியும், நிரந்தரத் தழும்பும் வெறுமையாகத்தான் தெரியும், வீக்கமாக இருந்தால் சில மாதங்களில் ஆறிவிடும், ஆறாமல் நிற்பதுதான் தழும்பு, சீக்கிரம் எடுத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். அதுவரை தினமும் ராத்திரி ஒரு வேளை குறைந்த அளவு ஆன்டிபயாடிக் சிரப்.

எங்களுக்குப் பெங்களூர்தான் கிட்டம். தேதி வாங்கி, விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர் தாண்டும்போது போன் வந்தது, இன்றைக்கு மருந்து வரவில்லை, வியாழக்கிழமை வாங்க என்று. கோபமாகத்தான் வந்தது. இந்த மருந்தில் இருக்கும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், நேற்றைய மருந்தை எடுத்துவைத்து இன்றைக்குப் போட முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. கிளம்புவதற்கு முன் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டில் டி.எம்.எஸ்.ஏ. என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் சீட்டில் வெறுமனே சிறுநீரக ஐசோடோப் ஸ்கேன் என்று இருந்தது, ரிசப்ஷனில் இருந்தவர் டி.டி.பி.ஏ.வா என்று கேட்டார். அது சிறுநீர் அடைப்பில்லாமல் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. தழும்பு பார்க்க டி.எம்.எஸ்.ஏ.தான்.

வியாழக்கிழமை நானும் அம்மாவும் கூட்டிப்போனோம். மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருந்ததால் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் வயிறு எல்லாம் தேவையில்லை, பிள்ளை இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். கையில் ஊசி ஏற்றி மருந்தைச் செலுத்தினார்கள், அழுகை அவ்வளவுதான், ஐந்து நிமிடம். அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. மருந்து மெதுவாகக் கிட்னியின் வெளிப்பகுதித் திசுவில் போய் ஒட்டிக்கொள்ள அந்த நேரம் வேண்டும். நல்ல திசு பிடித்துக்கொள்ளும், தழும்பு பிடிக்காது. ஸ்கேனின் மொத்த சூட்சுமமும் இதுதான். நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, படுக்க வைப்பதற்கு முன் ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள்.

ஸ்கேன் அறையில் குகை மாதிரி மெஷின் எதுவும் இல்லை. பலகை மேல் மல்லாக்கப் படுக்க வேண்டும், கேமரா முதுகுப் பக்கம் கீழே இருக்கும், சத்தம் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். போனில் கார்ட்டூன் போட்டு முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது படத்தில் சிரித்து உடம்பை ஆட்டிவிட்டாள். டெக்னீசியன் திரையைப் பார்த்து, "அண்ணா, ரெண்டு கிட்னி மாதிரி தெரியுது பாருங்க ஒரே கிட்னி, இதை வெச்சா ஓரம் எல்லாம் மழுங்கிப்போயிடும், திரும்ப எடுத்துடலாம்" என்றார். சிரிக்க வைக்காத கார்ட்டூனாகப் போட்டிருக்கலாம்.

மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்தது. வலது 34 சதவீதம், இடது 66 சதவீதம். வலது கிட்னியின் மேல் முனையில் தழும்பு, அந்த இடத்தில் கிட்னி சுருங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தால் இடது பக்கம் இருக்கும் கிட்னிதான் நன்றாக இருக்கிறது, வலது பக்கம் இருப்பது மேலே கடித்து எடுத்த மாதிரி. எக்ஸ்ரேயில் நமக்கு இடப்பக்கம் தெரிவது நோயாளியின் வலப்பக்கம் அல்லவா, அப்படியென்றால் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்களா என்று ஒரு மணி நேரம் குழம்பினேன். அப்படி இல்லை. இந்தப் படம் முதுகுப் பக்கத்திலிருந்து பார்ப்பது, அதனால் இடது இடதாகவே இருக்கும்.

அந்த ராத்திரி ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். "வலது கிட்னி 66 சதவீதம் போயிடுச்சு, இடதும் மூணுல ஒரு பங்கு அவுட்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அந்தப் பேப்பரைத் திருப்பி வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுத நினைத்தேன். 34 என்பது அந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு மார்க் இல்லை. இரண்டு கிட்னியும் சேர்ந்து பிடித்த மருந்தை 100 என்று வைத்தால் வலது பிடித்தது அதில் 34, இடது பிடித்தது 66. பங்குதான். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 100 வரும், ஆரோக்கியமான பிள்ளைக்கும் 100, இரண்டு கிட்னியும் கெட்டுப்போன பிள்ளைக்கும் 100. சாதாரணமாக ஒவ்வொன்றும் 45இலிருந்து 55க்குள் இருக்கும். ஆனால் இரண்டும் சமமாகக் கெட்டிருந்தால் 50-50 என்று அழகாக வரும், அதை நம்பி இருந்துவிடக் கூடாது. மொத்தம் எவ்வளவு என்று தெரிய, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவளுக்கு 0.4, வயதுக்குச் சரியான அளவு. அதாவது மொத்தத்தில் குறை இல்லை, இடது கிட்னி கூடுதல் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

எண்ணை மட்டும் பார்க்காமல் படத்தையும் பாருங்கள் என்றார். சின்னத் தழும்பு இருந்தும் 47-53 என்று வரலாம், எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

இதெல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன், உண்மையில் புரிந்தது அடுத்த ஸ்கேனில்தான். நடுவில் இன்னொரு முறை காய்ச்சலோடு கிருமித் தொற்று வந்ததால் ஆறு மாதம் விட்டு மறுபடி எடுத்தோம். வலது 31, இடது 69. மூன்று சதவீதம் குறைந்துவிட்டது, புதுத் தழும்புதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதிதாகப் பள்ளம் எதுவும் இல்லை, பழைய மேல் முனை மட்டும்தான். பிறகு இரண்டு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டையும் எடுத்தார். வலது கிட்னி 6.3 சென்டிமீட்டரிலிருந்து 6.6 ஆகியிருந்தது, இடது 8.4இலிருந்து 9.0. "வலது சுருங்கல சார், கொஞ்சம் வளர்ந்துதான் இருக்கு. இடது அதைவிட அதிகமா வளர்ந்திருக்கு, அதனால வலதோட பங்கு சின்னதாத் தெரியுது. அதுவும் போக, கம்ப்யூட்டர்ல கிட்னியைச் சுத்தி கோடு போட்டுத்தான் கணக்கு எடுக்கிறாங்க, கோடு கொஞ்சம் உள்ளே வெளியே போனாலே ரெண்டு மூணு சதவீதம் மாறும்" என்றார். பத்துப் பன்னிரண்டு சதவீதம் விழுந்திருந்தாலோ, படத்தில் புதுப் பள்ளம் இருந்திருந்தாலோ பேச்சு வேறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னும் கொறஞ்சிடுச்சாமேடா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் இரண்டு மாடு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். அதையே சொன்னேன். செவலை காலையில் 3.4 லிட்டர், கறுப்பு 6.6 லிட்டர், மொத்தம் பத்து, செவலையின் பங்கு 34. இப்போது கறுப்பு 7.6 லிட்டராக ஏற்றிவிட்டது, செவலை அதே 3.4தான். மொத்தம் 11. கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன், 3.4ஐ 11ஆல் வகுத்தால் 30.9, அதாவது 31. செவலை ஒரு சொட்டும் குறைக்கவில்லை, பங்கு மட்டும் 34இலிருந்து 31 ஆகிவிட்டது.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கறுப்பு படுத்துக்கிச்சுன்னா?" என்று கேட்டார். டாக்டரிடம் நான் கேட்காத கேள்வி. அடுத்த முறை கேட்டேன். அதற்காகத்தான் இடது பக்கமும் கிருமி ஏறாமல் பார்க்கிறோம், சிரப்பை நிறுத்தாதீர்கள், காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பதற்கு முன் யூரின் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புங்கள், மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள் என்றார். மலம் தேங்கினால் சிறுநீர்ப்பையும் சரியாகக் காலியாகாதாம். பெண்ணுக்கு அந்தப் பிரச்சினை ரொம்ப நாளாக இருந்தது, இதோடு அதற்குச் சம்பந்தம் உண்டு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஐசோடோப் ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மறுபடி காய்ச்சலோடு தொற்று வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.பி., யூரினில் புரதம், வருடத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட். தழும்பு விழுந்த கிட்னி பின்னாளில் பி.பி.யை ஏற்றிவிடலாம் என்பதால்தான் இது. போன மாதம் பக்கத்து கிளினிக்கில் பெரியவர்களுக்குக் கட்டும் பட்டையைப் பாப்பாவின் கையில் சுற்றி பி.பி.யின் மேல் எண் 84 என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்டை பெரிதாக இருந்தால் குறைவாகத்தான் காட்டும் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகளுக்கான பட்டை இருக்கும் இடத்தில் மறுபடி எடுத்தோம். 98 இருந்தது. அதைத்தான் ஃபைலில் வைத்திருக்கிறேன்.