காப்பர் சல்பேட் படிகத் தயாரிப்பில் விளைச்சல் சதவீதம்: விடுபட்ட கிராம்கள் எங்கே இருக்கின்றன?

காப்பர் ஆக்சைடையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் கொண்டு நீலப் படிகங்கள் தயாரிக்கும் சோதனையில், மாணவர்களின் பதிவேடுகளைத் திருத்தும்போது ஒரே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்: "சோதனையின்போது சிறிதளவு பொருள் வீணானதால் விளைச்சல் 100 சதவீதத்தைவிடக் குறைந்தது." இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் எந்தப் படியில், எவ்வளவு, ஏன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாததால் மதிப்பெண்ணும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்தச் சோதனையில் குறைந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. அதைக் கணக்கிட்டே காட்டலாம்.

முதலில் கோட்பாட்டு விளைச்சலைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 1 மோலார் கந்தக அமிலம் 25 மி.லி. எடுக்கிறோம், அதில் 0.025 மோல் அமிலம் இருக்கிறது. அதைச் சூடாக்கி, கறுப்பு நிறக் காப்பர் ஆக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறோம்.

CuO + H₂SO₄ → CuSO₄ + H₂O

இந்த அளவு அமிலத்துக்கு ஏறத்தாழ 2 கிராம் ஆக்சைடே போதும். ஆனால் அமிலம் மிச்சமிருக்கக் கூடாது என்பதற்காக 2.4 கிராம் வரை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கிறோம். மிஞ்சும் ஆக்சைடு கரையாது, வடிகட்டினால் தாளில் தங்கிவிடும். ஆகவே இங்கு வினைக் கட்டுப்பாட்டுக் காரணி அமிலம்தான். படிகத்தின் வாய்பாடு CuSO₄·5H₂O, மோலார் நிறை 249.5 கிராம், எனவே கோட்பாட்டு விளைச்சல் 0.025 × 249.5 = 6.24 கிராம். எடையிட்டது ஆக்சைடுதானே என்று 2.4 கிராமிலிருந்து தொடங்குபவருக்கு 7.53 கிராம் என்று வரும். அப்போது 2.95 கிராம் படிகம் கிடைத்த ஒருவருக்கு உண்மையான விளைச்சல் 47 சதவீதமாக இருக்க, பதிவேட்டில் 39 சதவீதம் என்று ஏறும். கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லாமலேயே எட்டு சதவீதம் காணாமல் போகிறது.

இனி அந்த 2.95 கிராமையே எடுத்துக்கொண்டு, மீதி 3.29 கிராமைத் தேடுவோம். மிகப் பெரிய பங்கு தாய்க்கரைசலில் இருக்கிறது. வடிகட்டிய கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் ஏறத்தாழ 10 மி.லி. ஆகும்வரை ஆவியாக்கி, கண்ணாடித் தண்டில் எடுத்த ஒரு துளி ஆறியவுடன் படிகமாவதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துக் குளிரவிடுகிறோம். படிகங்கள் வந்த பிறகும் மேலே ஒரு நீல நீர் நிற்கும். அது அந்த வெப்பநிலையில் தெவிட்டிய காப்பர் சல்பேட் கரைசல். 30 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் இந்தப் படிகத்தை ஏறத்தாழ 38 கிராம் வரை தன்னுள் வைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் எஞ்சிய நீர் 8 கிராம் என்றால், அதில் 3 கிராம் படிகம் கரைந்தபடியே இருக்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், நீர் ஆவியாகாத வரையில், வெப்பநிலை குறையாத வரையில், அந்த 3 கிராம் வெளியே வராது. அது கைதவறிச் சிந்தியதன்று. கரைதிறன் விதித்த எல்லை. பனிக்கட்டி நீரில் கிண்ணத்தை வைத்தால் கரைதிறன் இன்னும் இறங்கி, இன்னும் ஒரு கிராமுக்கு மேல் படிகம் கிடைக்கும். சென்னையின் மே மாத ஆய்வகத்தில் கிடைக்கும் விளைச்சல் குளிர்ந்த ஊரில் கிடைப்பதைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

எஞ்சிய 0.3 கிராமுக்குக் குறைவான பகுதியே நாம் வழக்கமாகச் சொல்லும் இழப்பு. கறுப்புத் துகளை வடிகட்டும்போது வடிதாள் 1 மி.லி. கரைசலை உறிஞ்சி வைத்துக்கொண்டால், அது 25-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.25 கிராம் படிகத்துக்குச் சமம். தாள் நீலமாக இருப்பதே அதற்குச் சாட்சி. இரண்டு மூன்று மி.லி. வெந்நீரைத் தாளின்மேல் ஊற்றி அதையும் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி மீளும். கூடுதல் நீர் எப்படியும் ஆவியாகப் போவதுதான். படிகங்களைக் கழுவும்போது மட்டும் இந்தத் தாராளம் கூடாது. அறை வெப்பநிலையிலுள்ள நீர் 5 மி.லி. ஊற்றினால், அது தெவிட்டும்வரை நின்றால், 1.9 கிராம் வரை கரைத்துக்கொண்டு போய்விடும். பனிக்கட்டியில் குளிர்ந்த நீர் ஓரிரு துளிகள் போதும்.

"வினை முழுமையடையவில்லை" என்ற விடையைப் பலர் எழுதுகிறார்கள். எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து எஸ்டர் உருவாகும் மீள்வினைக்கு அது பொருந்தும்; இங்கு, சேர்த்த ஆக்சைடு சூடான கரைசலில் கரையாமல் கறுப்பாகவே நின்றுவிட்டதைப் பார்த்த பிறகு வடிகட்டியவர் அதை எழுதக் கூடாது. அமிலம் தீர்ந்ததா என்று நீல லிட்மஸ் தாளால் சோதிப்பவரும் உண்டு. அது ஏமாற்றிவிடும், ஏனெனில் தூய காப்பர் சல்பேட் கரைசலே அமிலத்தன்மை கொண்டது, தாளைச் சிவக்கச் செய்யும். கரையாத கறுப்புத் துகளே நம்பத்தக்க அடையாளம்.

தாய்க்கரைசலில்தான் அவ்வளவும் இருக்கிறதென்றால், அதை முழுவதும் ஆவியாக்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. வடிகட்டாமல் கிண்ணத்தைத் திறந்து வைத்துப் பல நாள் உலரவிட்டால் 100-ஐ நெருங்கலாம். ஆனால் கரைசலில் இருந்த மாசுகளும், ஆவியாகாத கந்தக அமிலம் ஏதும் மிஞ்சியிருந்தால் அதுவும், படிகத்தோடு தங்கி எடையில் சேரும். தாய்க்கரைசலைப் பிரிப்பதே அவற்றை அதனோடு வெளியேற்றத்தான். தூய்மைக்குக் கொடுக்கும் விலை அந்தக் குறைந்த விளைச்சல். இப்படிக் கிண்ணத்தோடு உலரவிட்ட ஒரு மாணவி 7.2 கிராம், 115 சதவீதம் என்று எழுதிக் கொண்டுவந்தாள். படிகங்களைத் தாளில் கொட்டியதும் தாளில் ஈரவட்டம் படர்ந்தது. இரண்டு வடிதாள்களுக்கு இடையே அழுத்தி, காற்றில் உலர்த்தி, அடுத்தடுத்த இரு எடைகள் ஒன்றாக வரும்வரை எடையிடச் சொன்னேன்.

அவசரப்பட்டு அடுப்பில் உலர்த்துபவருக்கு நேர்வது இதற்கு நேர்மாறானது. சூடேறினால் படிக நீர் படிப்படியாக வெளியேறி, நீலம் வெளிறி, இறுதியில் வெண்தூளாகிறது. ஒரு துகள்கூடச் சிந்தாமல் 0.025 மோல் முழுவதும் கையில் இருந்தாலும், நீரற்ற CuSO₄-இன் மோலார் நிறை 159.5 என்பதால் தராசு 3.99 கிராமையே காட்டும், அதை 6.24-ஆல் வகுத்தால் 64 சதவீதம். எனவே எடைக்குப் பக்கத்திலேயே படிகத்தின் நிறத்தையும், அது ஈரமாக ஒட்டியதா உதிரியாக இருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். விளைச்சல் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு எழுதும் விடையில், "படிகத்தின் ஓரங்கள் வெளிறியிருந்தன, ஆகவே படிக நீர் இழப்பும் இக்குறைவில் அடங்கும்" என்று சொல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.