நான்கு துணை நீர்ப்பிடிப்புக்கும் 2.5: ஓடை எண்ணிக்கையில் நான் விட்ட தவறு

முதுகலை ஆய்வில் என் வேலை இதுதான்: நான்கு துணை நீர்ப்பிடிப்புகளில் மண் காப்புப் பணியை எங்கே முதலில் தொடங்குவது என்று வரிசைப்படுத்த வேண்டும். வடிகால் அடர்த்திக்கு ஒரு தரவரிசை, கிளைப்பு விகிதத்துக்கு ஒரு தரவரிசை. இரண்டிலும் அதிக மதிப்புக்கு 1. இரண்டின் சராசரி எதற்குக் குறைவோ அதுதான் முதல் முன்னுரிமை. கணக்கு முடிந்தபோது நான்குக்கும் 2.5 வந்து நின்றது!

அடர்த்தியில் சிக்கல் இல்லை. எல்லா ஓடைகளின் மொத்த நீளத்தைப் பரப்பால் வகுத்தால் போதும்: அ-வில் 62.4 கி.மீ. ஓடை, 24 சதுர கி.மீ. பரப்பு, ஆக 2.6. ஆ 1.9, இ 3.1, ஈ 2.4. கிளைப்பு விகிதம் என்பது ஒரு வரிசையின் ஓடை எண்ணிக்கையை அடுத்த மேல் வரிசையின் எண்ணிக்கையால் வகுத்து, அவற்றின் சராசரி எடுப்பது. ஆனால் அது அ-வுக்கு 1.8, ஆ-வுக்கு 2.1, இ-க்கு 1.7, ஈ-க்கு 1.9 என்று எல்லாம் 2-ஐ ஒட்டியே வந்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்ட்ராலர் முறையில் கிளைப்பு விகிதம் 2-க்குக் கீழே எப்படிப் போகும்?"

போகவே முடியாது. கிளை எதுவும் வந்து சேராத நுனி ஓடைதான் முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் சேர்ந்தால்தான் ஓர் இரண்டாம் வரிசை ஓடை பிறக்கும், அதனால் முதல் வரிசை எண்ணிக்கையான N1 எப்போதும் இரண்டாம் வரிசை எண்ணிக்கையான N2-வைப் போலக் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்கும். 2-க்குக் கீழே ஓர் எண் வந்தால் எண்ணிய விதம்தான் தப்பு.

என் தப்பு என்னவென்றால், மென்பொருள் தந்த அட்டவணையின் வரிகளை அப்படியே எண்ணிவிட்டேன். அங்கே ஒரு வரி என்பது ஒரு சங்கமத்திலிருந்து அடுத்த சங்கமம் வரையிலான துண்டு, முழு ஓடை அல்ல. ஓர் இரண்டாம் வரிசை ஓடையில் வழியில் மூன்று சின்ன முதல் வரிசை ஓடைகள் வந்து விழுந்தால் அதன் வரிசை மாறாது, ஆனால் அட்டவணையில் அது நான்கு வரியாக உடைந்து நிற்கும். முதல் வரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை, மேலே போகப் போகத்தான் எண்ணிக்கை ஊதிப்போகிறது. அ-வில் வரிகள் 48, 25, 14, 8. உண்மையான ஓடைகள் 48, 11, 3, 1. அப்படியானால் 4.4, 3.7, 3.0, சராசரி 3.7. முன்பு வந்த 1.8 எங்கே, இது எங்கே!

சரி, திருத்துவது எப்படி? ஒரே வரிசைத் துண்டுகளை ஒட்டிவிட்டு எண்ணலாம் என்றுதான் முதலில் தோன்றும், நானும் செய்தேன், அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: இரண்டு இரண்டாம் வரிசை ஓடைகள் ஒரே புள்ளியில் முடிந்து மூன்றாம் வரிசையாகும்போது, அந்தப் புள்ளியில் தொட்டுக்கொண்டிருப்பதால் அவையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை இப்போது குறைந்துபோகும். நம்பகமான வழி, முடிவுகளை எண்ணுவது. ஒரு துண்டுக்குக் கீழே வரும் துண்டின் வரிசை அதைவிடப் பெரியதாக இருந்தால் அங்கே ஓர் ஓடை முடிகிறது என்று ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், கடைசி வெளிவாயிலுக்கும் ஒன்று. GRASS பயன்படுத்துபவர்களுக்கு `r.stream.stats` இதைத் தானே செய்து தரும். அப்படியும் ஒரு நீர்ப்பிடிப்பையாவது வரிசைக்கு ஒரு நிறம் கொடுத்துக் கையால் எண்ணிப் பாருங்கள்.

மறுபடி எண்ணியதில் கிளைப்பு விகிதம் அ 3.7, ஆ 3.0, இ 4.5, ஈ 4.1. தரவரிசை மாறியது. இ-க்கு சராசரி 1, அ-வுக்கும் ஈ-க்கும் 2.5, ஆ-வுக்கு 4. இ-யில் முதலில் தொடங்கலாம் என்பதில் இனி குழப்பமில்லை. அ, ஈ சமநிலையை இந்த எண்களால் பிரிக்க முடியாது, அவற்றுக்கு நிலத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஈ-யின் முதல் வரிசை ஓடைகள் பெரும்பாலும் அடர்ந்த காட்டில் தொடங்குகின்றன, அ-வில் உழுத சரிவுகளில். அதனால் அ-வை இரண்டாவதாக வைத்தேன்.

அப்புறம் ஒரு விஷயம். ஓடையைப் பிரித்தெடுக்கும்போது, எவ்வளவு பரப்பின் நீர் சேர்ந்தால் ஓடை என்று கொள்வது என நாம் கொடுக்கும் வரம்பு நான்குக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 30 மீட்டர் கட்டத்தில் நான் வைத்தது 200 கட்டம், அதாவது 0.18 சதுர கி.மீ. இதை 500 ஆக்கினால் சின்ன ஓடைகள் மறைந்து அடர்த்தி இறங்கிவிடும், வேறு வரம்பில் எடுத்த இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை.

ஐந்தாவதாக ஒரு பகுதியும் இருந்தது, அதைத் தரவரிசையிலிருந்தே எடுத்துவிட்டேன். அது பெரிய ஓடையின் கரையோரம் மிஞ்சிய துண்டு நிலம். மேலிருந்து வரும் ஐந்தாம் வரிசை ஓடை உள்ளே நுழைந்து வெளியேறும், ஆனால் அங்கேயே பிறக்கும் ஓடைகள் இரண்டாம் வரிசையைத் தாண்டாது. நடுவில் மூன்றும் நான்கும் இல்லாத இடத்தில் எதை எதனால் வகுப்பது?